மனு அன்று, கடிதம்

 

சிறையிலிருந்து விடுதலையான ஒருவர், தமக்கு வேலை தரக்கூடியவருக்குத் தம் பழைய தண்டனையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத முற்படும்போது, அவருக்குக் கைவந்த எழுத்துவகையே அவருக்கு முதல் இடையூறாகிறது என்பது என் கருத்து. அந்த எழுத்துவகையின் பெயர் மனு.

சிறைக்குள் ஒருவர் எழுதப் பழகுவது பெரும்பாலும் மனுக்களைத்தான். பிணை கேட்டு மனு, பரோல் கேட்டு மனு, தண்டனைக் குறைப்பு வேண்டி மனு, வீட்டுக்கு அருகிலுள்ள சிறைக்கு மாற்றக் கோரி மனு, சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மேல்நீதிமன்றத்துக்கு அனுப்பும் மேல்முறையீட்டு மனு. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிந்த சக கைதி ஒருவர் எழுதிக் கொடுப்பார். அவருடைய நடை பலருடைய நடையாகிவிடும். இம்மனுக்களுக்குப் பொதுவானதோர் இலக்கணம் உண்டு. படிப்பவரிடம் முழு அதிகாரமும் இருக்கிறது, எழுதுபவரிடம் ஏதுமில்லை. ஆகவே சொற்கள் தாழ்கின்றன, செயல் மங்குகிறது, துயரம் முன்னுக்கு வருகிறது. பரோல் மனுவில் இது குறையன்று. தாய் படுத்த படுக்கையாய் இருப்பதே அங்குப் பொருள். பத்தாண்டுக்கு முந்தைய குற்றம் அங்குப் பொருளன்று. அதே நடையைச் சுமந்துகொண்டு ஒருவர் வெளியே வந்து, தம்மை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கும் ஒரு கடைக்காரருக்கு எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். எழுதியவரின் ஒப்புதல் பெற்று, பெயர்களை நீக்கி, தொகைகளையும் சில விவரங்களையும் மாற்றித் தருகிறேன். அவர் கோலார் தங்கவயலில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். அங்குள்ள பலரைப் போல நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர். ஒரு மொத்த வியாபாரக் கடையில் வசூல் பார்த்துக்கொண்டிருந்தபோது பணத்தைக் கையாடியதற்காக இந்திய தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். ஊழியர் ஒருவர் தம் முதலாளிக்குச் செய்யும் நம்பிக்கை மோசடியைக் குறிக்கும் பிரிவு அது. பாரதிய நியாய சங்கிதாவில் இன்று 316(4). 2019 பிப்ரவரியில் விடுதலையானார். 2025இல், இரும்புச் சாமான் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளர் வேலைக்கு நேர்முகம் முடிந்து, முதலாளிக்குத் தம் தண்டனையைத் தெரிவிக்க விரும்பினார். முதலாளியும் தமிழர், கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று முடிவாயிற்று. சட்ட உதவி மையம் ஒன்றில் பணிபுரியும் தோழி வழியாக அவருடைய முதல் வரைவு, ‘எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடு’ என்ற குறிப்போடு என்னிடம் வந்தது.

எழுத்துப்பிழை இரண்டே இரண்டுதான் இருந்தன. வரைவின் தொடக்கம் இது:

“உயர்திரு முதலாளி ஐயா அவர்களின் சமூகத்துக்குத் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். சில ஆண்டுகளுக்கு முன் என் வாழ்வில் துரதிர்ஷ்டவசமான ஒரு சம்பவம் நடந்துவிட்டது. தாயாரின் மருத்துவச் செலவு காரணமாகக் கணக்கில் பணம் குறைந்து, நான் ஒரு வழக்கில் சிக்கி, சிறை செல்ல நேர்ந்தது. தாங்கள் கருணை கூர்ந்து இந்த ஏழைக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் என் குடும்பம் வாழும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்த முதலாளிக்கு, இவர் என்ன செய்தார் என்பது தெரியாது. யாரோ ஒருவருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். தெரியாத இடத்தை அவர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். கற்பனை பெரும்பாலும் நடந்ததைவிட மோசமாகவே இருக்கும்.

மொழியியல் மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி உண்டு. செய்தவரை மறைக்கச் செயப்பாட்டுவினை உதவும் என்பது நம் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. ஆங்கிலம் வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கருத்து அது. மேலேயுள்ள வரைவில் ஒரே ஒரு ‘படு’கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழுக்கு அது தேவையே இல்லை. ‘உடைந்தது, உடைத்தேன்’, ‘குறைந்தது, குறைத்தேன்’ என்று வினையடியிலேயே இரட்டைகள் நம்மிடம் இருக்கின்றன. ‘கணக்கில் பணம் குறைந்தது’ என்று எழுதும்போது செய்தவர் மறைக்கப்படவில்லை. அப்படி ஒருவர் இருக்க வேண்டிய கட்டாயமே வாக்கியத்தில் இல்லை. குளத்தில் நீர் குறைவதைப் போலப் பணம் குறைகிறது. ‘எடுக்கப்பட்டது’ என்றால்கூட ‘யாரால்?’ என்ற கேள்வி எழும். ‘குறைந்தது’ என்பதில் அதுவும் எழாது. கு. பரமசிவம் இத்தகைய இரட்டைகளைக் குறித்துச் செய்த ஆய்வை மாணவர்கள் உருபனியல் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம். ஒரு மனிதர் தம் குற்றத்தைச் சொல்லும் வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

‘வழக்கில் சிக்கி’ என்பதும் இப்படித்தான். வழக்கில் சிக்கியவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம். கைது செய்யப்பட்டவர், குற்றஞ்சாட்டப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர், குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவர் ஆகிய நால்வரையும் ஒரே கூடைக்குள் போடும் சொற்றொடர் அது. பேச்சில் அது நாகரிகம். இக்கடிதத்தில் அது தீங்கு. ஏனெனில் முதலாளி பின்னர் தீர்ப்பைப் படிக்க நேர்ந்தால், ‘சிக்கினேன் என்றல்லவா எழுதியிருந்தான்’ என்றுதான் நினைப்பார்.

தீர்ப்பைப் படிப்பது இன்று கடினமுமன்று. இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் தரப்பினர் பெயரை வைத்தே தேட முடிகிறது. தனியார் நிறுவனங்களுக்காகப் பின்னணி சரிபார்க்கும் முகமைகள் அதைத்தான் முதலில் செய்கின்றன. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. குடும்பப்பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்க்கு ஒரே பெயரில் ஒரு மாவட்டத்தில் பலர் கிடைப்பார்கள். அடுத்தவருடைய கொலைமுயற்சி வழக்கு இவர் தலையில் ஏறவும் கூடும். ஆகவே கடிதத்தில் நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் தாமே எழுதிவிடுவது நேர்மைக்கு மட்டுமன்றித் தற்காப்புக்கும் தேவை.

எங்கள் உரையாடல் தொலைபேசியில் மூன்று மாலைகள் நடந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?” என்பது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம் வட்டாரப் பேச்சில், “நாந்தாங்க எடுத்துக்கினேன்” என்றார்.

அந்த வாக்கியம் எவ்வளவு சரியானது என்பதை உணர எனக்கு அன்றிரவு முழுவதும் ஆயிற்று. அவருக்கு மூன்று வினைமுற்றுகள் முன்னிருந்தன. ‘எடுத்தேன்’ என்பது வெறும் செயலைச் சொல்கிறது. ‘எடுத்துவிட்டேன்’ என்பதில் வரும் ‘விடு’ பொதுவாகச் செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும். ‘மருந்தைக் குடித்துவிட்டேன்’ என்பதில் அவ்வளவுதான். ஆனால் தவறான செயலோடு சேரும்போது அதே ‘விடு’ ஒரு கைவிரிப்பையும் கொண்டுவருகிறது: என்னை அறியாமல் கைமீறி நடந்தது, இனி அதற்கு என்ன செய்வது என்னும் தொனி. நாம் எல்லோரும் அன்றாடம் பயன்படுத்துவதுதான் அது. ‘குவளையை உடைத்துவிட்டேன்’ என்று சொல்லும் குழந்தை பாதி மன்னிப்பை அந்த வாக்கியத்திலேயே பெற்றுக்கொள்கிறது. ‘எடுத்துக்கொண்டேன்’ என்பதில் வரும் ‘கொள்’ வேறு பக்கம் திரும்புகிறது. செயலின் பயன் செய்தவரையே சேர்ந்தது என்பதை அது சொல்கிறது. பணம் எங்கே போயிற்று, யாருக்காக என்ற கேள்விக்கு விடை வினைமுற்றுக்குள்ளேயே இருக்கிறது. பதினான்கு மாதங்கள் சிறிது சிறிதாக நடந்த கையாடலுக்கு ‘விடு’ பொருந்தவே பொருந்தாது. ஒருநாள் கைமீறலாம், பதினான்கு மாதங்கள் கைமீறாது.

தாயாரின் மருத்துவச் செலவுதான் அடுத்த சிக்கல். அது உண்மை. ஆனால் தீர்ப்பிலுள்ள கணக்கு வேறொன்றையும் சொன்னது. மொத்தம் 2,40,000 ரூபாய். மருத்துவமனைக்குப் போனது ஏறக்குறைய 60,000. எஞ்சியது ஏலச்சீட்டுத் தவணைக்கும் இருசக்கர வண்டிக்கும் வீட்டுச் செலவுக்கும் போனது. இவரே விசாரணையில் ஒப்புக்கொண்ட விவரங்கள் இவை. ‘மருத்துவச் செலவு காரணமாக’ என்ற தொடர் நான்கில் ஒரு பங்கைச் சொல்லி நான்கு பங்கையும் மூடுகிறது. இதை நான் சுட்டியபோது அவர், “மீதியை எதுக்குச் சொல்லணும்? கேட்டா சொல்லுவேனே” என்றார். தோழியின் கருத்தும் அதுவே. ஒரு வழக்கறிஞராக அவள் சொன்னது சரிதான்: கேட்கப்படாததைச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. காரணமே எழுத வேண்டாம், செயலையும் தண்டனையையும் மட்டும் எழுதலாம் என்றாள். எனக்கும் அது ஏற்புடையதே. காரணம் இல்லாத கடிதம் நேர்மையான கடிதமாக இருக்க முடியும். ஆனால் காரணம் எழுதினால் முழுக் காரணத்தையும் எழுத வேண்டும். தாயை மட்டும் எழுதி வண்டியை விட்டுவிடுவது கூடாது. முதலாளி தீர்ப்பைப் படிக்கும் நாளில் அந்த வண்டி ஒன்றே கடிதம் முழுவதையும் பொய்யாக்கிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர்தான். இரண்டு நாள் யோசித்து, முழுவதையும் எழுதத் தீர்மானித்தார்.

இறுதியில் அனுப்பிய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்காகச் சென்ற வாரம் என்னோடு நேரில் பேசினீர்கள். முடிவெடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்றை இதில் எழுதுகிறேன்.

2013, 2014 ஆண்டுகளில் நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வசூல் வேலை பார்த்தேன். பதினான்கு மாதங்களில், கடைகளில் வசூலித்த பணத்திலிருந்து 2,40,000 ரூபாயை முதலாளியிடம் ஒப்படைக்காமல் நான் எடுத்துக்கொண்டேன். முதலில் எடுத்த 60,000 ரூபாய் என் தாயாரின் அறுவை சிகிச்சைக்குப் போயிற்று. மீதியைச் சீட்டுத் தவணைக்கும் வண்டிக்கும் வீட்டுச் செலவுக்கும் செலவழித்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பின்னர் அப்படி நினைப்பதையும் நிறுத்திவிட்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு.

2016இல் நீதிமன்றம் என்னைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து இரண்டாண்டுக் கடுங்காவலும் அபராதமும் விதித்தது. 2017இல் என் மேல்முறையீடு தள்ளுபடியானது. விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நான்கு மாதங்கள் கழிய, மீதித் தண்டனையை முடித்து 2019 பிப்ரவரியில் வெளியே வந்தேன். என் விண்ணப்பத்தில் 2017 முதல் 2019 வரை இடைவெளி இருப்பதற்கு இதுவே காரணம். எடுத்த பணத்தில் 1,10,000 ரூபாயைத் திருப்பிக் கட்டினேன். மீதி 1,30,000 ரூபாயை இன்றுவரை கட்டவில்லை.

வெளியே வந்தபின் ஆறு ஆண்டுகளாகச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகளாக லாரியில் ஏறும் சரக்கின் எண்ணிக்கை என் பொறுப்பில் இருக்கிறது. அவருக்கு என் தண்டனை தெரியும். அவருடைய தொலைபேசி எண்ணைக் கீழே தந்துள்ளேன், நீங்கள் அழைக்கலாம்.

உங்கள் கிடங்கு வேலையில் ரொக்கம் கையாள வேண்டியதில்லை என்று சொன்னீர்கள். சரக்குக் கணக்கு உண்டு. வாரம் ஒருமுறை என்னைத் தவிர வேறொருவர் இருப்பை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எனக்கு அது மனக்குறையாக இராது. வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் கீழே உள்ளன. தீர்ப்பின் நகலை இணைத்துள்ளேன். வேறு எதைக் கேட்டாலும் நேரில் சொல்கிறேன். இக்கடிதம் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டுகிறேன்.”

இக்கடிதத்தில் என் சொற்கள் சில உண்டு என்பதை மறைக்கவில்லை. ‘பின்னர் அப்படி நினைப்பதையும் நிறுத்திவிட்டேன்’ என்ற வாக்கியம் முழுக்க அவருடையது. நான் அதைத் தொடவில்லை. ‘அறுவை சிகிச்சைக்குப் போயிற்று’ என்பதில் செய்தவர் இல்லை என்று இலக்கணம் பிடித்துக்கொண்டு திருத்த முயன்றேன். அவர் ஒப்பவில்லை. “அது உண்மையாவே போச்சுங்க, கையில நிக்கல” என்றார். அதையும் விட்டுவிட்டேன்.

கட்டாத 1,30,000 ரூபாயைப் பற்றிய வாக்கியந்தான் தோழிக்கும் எனக்கும் இடையே நெடுநேரம் விவாதத்தில் இருந்தது. வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் தீராத கடனைச் சொல்வது தற்கொலைக்கு ஒப்பானது என்றாள் அவள். நான் வேறாக எண்ணினேன். ‘1,10,000 ரூபாயைத் திருப்பிக் கட்டினேன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் முழுவதும் கட்டப்பட்டது என்று எண்ண மாட்டார். ஏனெனில் மொத்தத் தொகை மேலேயே இருக்கிறது. கழித்துப் பார்ப்பார். கழித்துப் பார்த்தபின் அவர் கண்டுபிடித்ததாக ஆகும். எழுதியவரே கழித்துச் சொல்லிவிட்டால் அங்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

அதே காரணத்தால் ‘இனி ஒருபோதும் இப்படிச் செய்ய மாட்டேன்’ என்ற உறுதிமொழி கடிதத்தில் இல்லை. உறுதிமொழி சொல்வதாலேயே நிறைவேறும் பேச்சுச்செயல். அதைச் சரிபார்க்க வழியில்லை. திருந்தாதவரும் அதே சொற்களைத்தான் எழுதுவார். இருப்பை வேறொருவர் எண்ணட்டும் என்ற வாக்கியம் வேறு வகையானது. கிடங்கு நடத்துகிறவருக்கு அது புரியும் மொழி; நாளையே செய்து பார்க்கக்கூடியது. முன்னாள் கைதி என்ற நிலையிலிருந்து அல்லாமல், கிடங்கில் சரக்கு எப்படிக் குறைகிறது என்று அறிந்த தொழிலாளி என்ற நிலையிலிருந்து அது எழுதப்பட்டிருக்கிறது.

இனி, இப்படி ஒரு கடிதத்தை எழுத வேண்டிய நிலை ஏன் ஏற்படுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1974 முதல் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் ஒன்று நடப்பில் உள்ளது. தண்டனை முடிந்து குறித்த காலம் வேறு குற்றமின்றிக் கழிந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தத் தண்டனை ‘கழிந்துபோனதாக’க் கருதப்படும், கேட்டால்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி ஓராண்டுக்கு மேல் நான்காண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கு அக்காலம் நான்கு ஆண்டுகள். நம் நண்பர் அங்கிருந்திருந்தால், 2025இல் ஒரு கிடங்கு வேலைக்கு இக்கடிதத்தை எழுத வேண்டிய தேவையே அவருக்கு இராது.

இந்தியாவில் வயதுவந்தோர்க்குப் பொதுவாகப் பொருந்தும் அத்தகைய சட்டம் இல்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015இன் 24ஆம் பிரிவு சிறார்க்குத் தகுதியிழப்பை நீக்குகிறது. அதிலும் விலக்கு உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பை நீக்குகிறது. அதுவும் தீர்ப்பையே அழிப்பதில்லை என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன. இதன் விளைவைப் பாருங்கள். சிறைக்கே போகாதவருக்குச் சட்டம் ஒரு கதவையாவது திறந்து வைத்திருக்கிறது. விதித்த தண்டனை முழுவதையும் அனுபவித்து முடித்தவருக்கு, முடித்தார் என்பதற்காக எதுவும் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள ஆறுதலும் குறுகியது. 2011இல் தில்லிக் காவல் ஆணையர் எதிர் சந்தீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ இருபது வயதில் அடிதடி வழக்கொன்றில் இடம்பெற்று, சமரசத்தால் விடுவிக்கப்பட்ட இளைஞரின் பக்கம் நின்றது. இளமையில் தவறுவது இயல்பு என்றது. விக்தர் யூகோவின் நாவலில் வரும் ழான் வல்ழானையும் நினைவுகூர்ந்தது. இலக்கிய மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் தீர்ப்பு. ஆனால் அதன் மன்னிப்பு இளமை என்ற கதையைச் சார்ந்து நிற்கிறது. முப்பத்து நான்கு வயதில், இரு குழந்தைகளின் தந்தையாய், தெரிந்தே கையாடியவருக்கு அந்தக் கதை கிடையாது. அதனால்தான் ‘அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு’ என்ற வாக்கியத்தை அவர் எழுதியது எனக்கு மிக முதன்மையாகப் படுகிறது.

2016இல் அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசுப் பணிகளுக்கான நெறிகளைத் தொகுத்தது. வேட்பாளர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். படிவத்தின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், தெளிவாகக் கேட்கப்பட்டதையே சொல்லக் கடமை உண்டு. அற்பமான வழக்கானால் மறைத்ததைக்கூட நிருவாகம் பொருட்படுத்தாமல் விடலாம். இவற்றோடு இன்னொன்றும் அதில் உண்டு. ஒருவர் உண்மையை முழுவதும் சொல்லிவிட்டாலும், அவருடைய முற்கால நடத்தையைக் கருதும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மறைத்தல் தண்டனைக்குரியது, சொல்லுதலுக்குப் பயனொன்றும் உறுதியில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். தனியார் கிடங்குக்கு இந்நெறிகள் நேரடியாகப் பொருந்தா. அங்கு முதலாளியின் விருப்பமே சட்டம். ஆகவே இக்கடிதத்தை நேர்மையாக எழுதச் சொல்லும் நம்மைப் போன்றவர்கள், எழுதுபவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

எப்போது கொடுப்பது என்பதும் இதனால்தான் முக்கியம். படிவத்தில் தெளிவான கேள்வி இருந்தால் அங்கேயே உண்மையான விடை எழுத வேண்டும், அதில் விவாதமில்லை. கேள்வி இல்லாதபோது, முதல் விண்ணப்பத்தோடு இணைப்பதை நான் ஏற்பதில்லை. அப்போது அவர் வெறும் தாள். தாளை ஒதுக்குவது எளிது. வேலையில் சேர்ந்தபின் சொல்வது மறைத்துவிட்டுச் சொன்னதாகவே கொள்ளப்படும். நேர்முகத்தில் முகம் பார்த்துப் பேசியபின், வேலை உறுதியாகும் முன் உள்ள அந்தச் சில நாள்களே பொருத்தமானவை. இவர் அப்படித்தான் செய்தார். அஞ்சலில் அனுப்பாமல் மூடிய உறையில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடிதம் கணக்கர் மேசையில் கிடந்தால் மாலைக்குள் ஏற்றுக்கூலிகள் அனைவருக்கும் தெரிந்துவிடும் என்பதை அவர் முந்தைய வேலையில் பட்டறிந்திருந்தார்.

முதலாளி அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே படித்தாராம். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: அந்த 1,30,000 ரூபாயைக் கட்டும் எண்ணம் உண்டா என்று. இவர், அந்தக் கடை இப்போது இல்லை, உரிமையாளரின் மகன் எங்கிருக்கிறார் என்று தெரியும், ஆனால் போய் நிற்கத் துணிவு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பொறுப்பாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. வந்திறங்கும் சரக்கை எண்ணிப் பதியும் வேலையை, பேசியதைவிட மாதம் நாலாயிரம் குறைவான சம்பளத்துக்குத் தருவதாக முதலாளி சொன்னார்; அவர் ஏற்றுக்கொண்டார். தோழி இதைத் தோல்வி என்கிறாள். அதே தகுதியுள்ள, தண்டனையில்லாத ஒருவருக்கு இந்தக் குறைப்பு நேர்ந்திராது என்பது அவளுடைய வாதம். அவள் வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அவர் அப்படிப் பேசவில்லை. தீர்ப்பு நகலை முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும், கடிதத்தை மட்டும் தம் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார் என்றும் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை முதலாளியின் மருமகன் வந்து இருப்பை எண்ணுகிறாராம். சென்ற மாதம் பதிவேட்டுக்கும் இருப்புக்கும் ஏழு கட்டு முறுக்குக் கம்பி வேறுபாடு வந்தது. எண்ணிப் பார்த்ததில், முந்தைய லாரிக்கான சீட்டில் வேறொருவர் தவறிப் போட்ட எண் என்று தெரியவந்தது. அந்த இரண்டு மணிநேரம் யாரும் தம்மிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை மட்டும் அவர் தொலைபேசியில் இருமுறை சொன்னார்.